பச்சைத்திரைக்குச் சீராக ஒளி போடுவது எப்படி? பச்சைப் படிவும் ஓரப் பிசிறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதில்கள் குழம்பாமல் இருக்க, எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாட்டையே வைத்துக்கொள்கிறேன். ஆறு மீட்டர் நீளமுள்ள ஓர் அறை. அதன் ஒரு கோடியில் 3 மீட்டர் அகலத்துக்குப் பச்சைத் துணி. ஒருவர் நின்றுகொண்டு பேசுகிறார். இடுப்புக்கு மேல் மட்டும் ஃபிரேமில் தெரிகிறார். உங்கள் அறை இதைவிடச் சிறியதாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

திரைக்கு ஒரு விளக்கு, ஆளுக்கு ஒரு விளக்கு என்று பிரித்தே வைக்க வேண்டுமா? ஒரே பெரிய விளக்கில் இரண்டையும் முடித்துவிடக் கூடாதா?

பிரித்தே வையுங்கள். ஒரே விளக்கை முன்னால் வைத்தால் ஆளின் நிழல் திரையில் விழும். நிழல் விழுந்த இடம் கரும்பச்சை, விழாத இடம் வெளிர்பச்சை என்று, பச்சையை நீக்கிப் பின்னணியை மாற்றும் மென்பொருளான கீயருக்கு இரண்டு நிறங்களைக் கொடுத்தது போல ஆகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் திரையும் சேர்ந்து கூடும், குறைத்தால் சேர்ந்து குறையும். இரண்டையும் தனித்தனியாகத் திருத்தும் வழியே இருக்காது.

கையில் இருப்பதே இரண்டு விளக்குகள் என்றால் ஃபிரேமைச் சுருக்குங்கள். தலையும் தோளும் மட்டும் என்றால் பின்னால் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பச்சை இருந்தால் போதும். அந்தச் சின்னப் பரப்பை, மேலிருந்து சாய்த்துச் சற்றுத் தள்ளி வைத்த ஒரே விளக்கு ஓரளவு சீராக மூடிவிடும். மற்றதை ஆளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் ஓரம் பளிச்சென்றும் நடு மங்கலாகவும் இருக்கிறதே, ஏன்?

விளக்குகள் திரைக்கு மிக அருகில் இருக்கின்றன. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது போதாதென்று, திரையின் மறுகோடியில் ஒளி சாய்வாக விழுவதால் அங்கே இன்னும் மெலிந்துபோகும்.

நம் 3 மீட்டர் துணியை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்துக்கு நேராக, திரையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள ஓரத்தில் விழும் ஒளியை 100 என்று வைத்தால், வலது கோடியில் விழுவது சுமார் 9 மட்டுமே. வலது பக்கமும் அதேபோல ஒரு விளக்கு வைத்துக் கூட்டினால் இரு ஓரங்களிலும் 109, நடுவில் 71 வரும். வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப் என்ற கணக்கில் இது அரை ஸ்டாப்பைத் தாண்டிய வித்தியாசம். நீங்கள் பார்க்கும் மங்கல் இதுதான்.

இப்போது இரண்டு விளக்குகளையும் அரை மீட்டர் பின்னால் நகர்த்தி 2 மீட்டரில் வையுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தில் ஒரு ஸ்டாப் அளவுக்கு இறங்கிவிடுகிறது. புது விளக்கு வாங்கவில்லை, டிஃப்யூஷனும் போடவில்லை, ஸ்டாண்டை நகர்த்தியதோடு சரி. மொத்த வெளிச்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கின் பவரைக் கூட்டி அதை ஈடுசெய்யலாம். சீரின்மையை அப்படி ஈடுசெய்ய முடியாது.

பின்னால் போக இடமில்லை என்றால் விளக்குகளைக் குறுக்காகத் திருப்புங்கள். இடது விளக்கு வலது கோடியைப் பார்க்கட்டும், வலது விளக்கு இடது கோடியைப் பார்க்கட்டும். பெரும்பாலான விளக்குகளில் ஒளிக்கற்றையின் நடுப்பகுதிக்குத்தான் பலம் அதிகம். அந்தப் பலமான பகுதி தூரத்துக் கோடிக்குப் போய், மெலிந்த விளிம்பு பக்கத்து ஓரத்தில் விழும்போது ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொள்ளும்.

மேலும் கீழும் என்ன ஆகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஸ்டாண்டைத் தலைக்கு மேல் உயர்த்திவிட்டு, திரையின் அடிப்பகுதி ஏன் இருண்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஃபிரேமில் தெரியும் பச்சையின் நடு உயரத்துக்கு விளக்கின் உயரம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. சீராக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

இதில் கண்ணை நம்பாதீர்கள். படிப்படியாக மங்கும் ஒளியைக் கண் தானாகவே சமன் செய்துகொள்ளும். கேமராவிலோ மானிட்டரிலோ, படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் இருந்தால், ஆளை விலக்கிவிட்டு வெறும் திரையை மட்டும் பாருங்கள். சீரான திரை மெல்லிய கிடைக்கோடாகத் தெரியும். கோடு ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்து விளக்கு பலவீனம். நடுவில் தொட்டில் போலத் தொங்கினால் விளக்குகள் அருகில் இருக்கின்றன. கோடே பட்டையாகத் தடித்துத் தெரிந்தால் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையென்றால் துணியில் சுருக்கம் இருக்கிறது.

வேவ்ஃபார்ம் இல்லாதவர்கள், குறிப்பிட்ட வெளிச்ச அளவை எட்டிய இடங்களில் கோடுகள் போட்டுக் காட்டும் ஜீப்ராவைப் பயன்படுத்தலாம். ஜீப்ரா அளவை 50 அருகே வைத்துவிட்டு, அப்பர்ச்சரை மெதுவாகத் திறந்துகொண்டே வாருங்கள். கோடுகள் திரை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தோன்றினால் நல்லது. ஒரு மூலையில் முதலில் முளைத்து மெல்ல மெல்ல ஊர்ந்து பரவினால், முதலில் முளைத்த இடத்தில் வெளிச்சம் அதிகம் என்று பொருள்.

மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் மெனக்கெடும் நேரத்தை ஆளின் ஓரத்துக்குச் செலவிடுவதே மேல். கீயரால் திரையில் உள்ள சின்ன ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க முடியும், காதோரம் ஒட்டிய பச்சையைத்தான் முடியாது. சீராக இருக்க வேண்டிய இடமும் துணி முழுவதும் அல்ல, ஆளும் அவர் கையும் போய்வரும் பகுதி மட்டும்தான். மீதியை கார்பேஜ் மேட் போட்டு வெட்டிவிடலாம்.

திரை எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும்? பளிச்சென்று இருந்தால்தானே நன்றாக கீ ஆகும்?

பளிச்சென்று இருப்பதல்ல, நிறம் அடர்த்தியாக இருப்பதுதான் கீயருக்குத் தேவை. கீயர் பார்ப்பது பச்சை சேனலுக்கும் மற்ற இரண்டு சேனல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை. வெளிச்சம் கூடக்கூட மூன்றும் சேர்ந்தே மேலே ஏறும். பச்சை உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்ட பிறகும் சிவப்பும் நீலமும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது இடைவெளி சுருங்கும், திரை வெளுக்கும். மிகவும் இருட்டாக விட்டாலும் இடைவெளி சுருங்கத்தான் செய்யும், அங்கே நாய்ஸும் சேர்ந்துகொள்ளும்.

வேவ்ஃபார்மில் திரை 45 முதல் 50 வரை நிற்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். முகத்தோடு ஒப்பிட்டால், முகத்தின் வெளிச்சமான பக்கத்தைவிட அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைவு. இதை முடித்ததும் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால், ஆள் கையை உயர்த்தும்போதெல்லாம் திரையின் பச்சையும் மாறிக்கொண்டிருக்கும்.

ஆள் திரையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்? தோளிலும் முடியிலும் பச்சை ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

குறைந்தது 2 மீட்டர். இந்த ஒரு எண்ணுக்காக மற்ற எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

பச்சைப் படிவு இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, ஒளி விழுந்த திரை தானே ஒரு பெரிய பச்சை சாஃப்ட்பாக்ஸாக மாறி ஆளின் முதுகுப் பக்கம் முழுவதையும் நனைப்பது. இது தூரம் கூடினால் குறையும். ஆனால் திரை அகலமான ஒளிமூலம் என்பதால், இரண்டு மடங்கு தள்ளினாலும் நான்கில் ஒரு பங்காக இறங்கிவிடாது. அதனால்தான் தள்ளி நிற்பதோடு தேவையில்லாத பச்சையை மறைப்பதும் வேண்டும். இன்னொன்று, கன்னத்தின் விளிம்பு, தோளின் மேல்விளிம்பு போன்ற இடங்களில் ஒளி சறுக்கிக்கொண்டு வந்து நேராக லென்ஸுக்குள் விழுவது. மிகச் சாய்வான கோணத்தில் எந்தப் பரப்பும் கொஞ்சம் கண்ணாடி போல நடந்துகொள்ளும். கறுப்புக் கோட்டின் ஓரத்தில்கூடப் பச்சைக் கீற்று தெரிவது இதனால்தான்.

நான் செய்த ஒரு படப்பிடிப்பைச் சொல்கிறேன். பேசியவருக்கு முழுக்க நரைத்த முடி, மெல்லிய எஃகுக் கம்பியில் மூக்குக்கண்ணாடி, வெளிர்சாம்பல் சட்டை. பச்சை ஒட்டிக்கொள்வதற்கு இதைவிட வசதியான ஆள் கிடையாது. அறையின் குறுக்குவாட்டில் துணியைக் கட்டி, அவரைத் திரையிலிருந்து 1 மீட்டரில் நிறுத்தியிருந்தேன். திரை அவர் முகத்தைவிட ஒரு ஸ்டாப் பளிச்சென்று இருந்தது. மானிட்டரில் அழகாகத்தான் தெரிந்தது. கீ செய்த பிறகு காதுக்குப் போகும் கண்ணாடிக் கம்பி நடுவில் அறுந்து, அந்த ஓட்டை வழியே பின்னணி தெரிந்தது. எஃகு திரையை அப்படியே பிரதிபலித்ததால் கீயர் அதையும் திரை என்றே எடுத்துக்கொண்டது. சட்டைக் காலருக்கு எலுமிச்சை நிறத்தில் ஒரு கரை.

மறுநாள் துணியை அறையின் நீளவாட்டுக் கோடிக்கு மாற்றினேன். திரையிலிருந்து அவர் 2 மீட்டரில், அவரிடமிருந்து கேமரா 3.5 மீட்டரில். அவர் நிற்கும் இடத்தில் ஃபிரேமின் அகலம் 1.6 மீட்டர் என்றால் திரை இருக்கும் இடத்தில் அது சுமார் 2.5 மீட்டர். ஆக, துணியில் இரு பக்கமும் கால் மீட்டர் வீணாக நின்று அவர்மேல் பச்சையைத் தெளித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கறுப்புத் துணியால் மூடினேன். தரையில் சுருண்டு கிடந்த மிச்சத்தையும் மூடினேன். திரை விளக்குகள் இப்போது அவருக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டதால், ஒவ்வொன்றுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி, அந்த ஒளி அவர் தோளை உரசாமல் பார்த்துக்கொண்டேன். கடைசியாகத் திரையை முகத்தைவிட அரை ஸ்டாப் இறக்கினேன்.

கண்ணாடிக் கம்பி முழுதாக நின்றது. காலரின் கரை போய்விட்டது. நரைமுடியில் மட்டும் லேசான பச்சை மிஞ்சியது, அது பச்சைச் சாயலை நீக்கும் டீஸ்பில்லில் தீரக்கூடிய அளவுதான்.

பின்னாலிருந்து மெஜந்தா ஒளி அடித்தால் பச்சை அடங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

அடங்குவது போலத் தெரியும். மெஜந்தா பச்சைக்கு எதிர்நிறம் என்பதால் இரண்டும் சேர்ந்து நடுநிலைக்கு வரும், அதுவரை சரிதான். ஆனால் பச்சை எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. படிவு அதிகமான இடத்தில் பச்சை மிஞ்சும், குறைவான இடத்தில் மெஜந்தா மிஞ்சும். பச்சையை நீக்கும் டூல்கள் உண்டு. தலைமுடியில் திட்டுத்திட்டாக நிற்கும் மெஜந்தாவை நீக்குவது உங்கள் தலையில்தான் விழும்.

பேக் லைட் வையுங்கள், அதை வேறொரு காரணத்துக்காக வையுங்கள். முடிக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து விழும் சாதாரண வெள்ளை ஒளி, அங்கே படிந்திருக்கும் மெல்லிய பச்சையை அமுக்கிவிடும். அதன் நிறம் நீங்கள் வைக்கப்போகும் பின்னணிக்கு ஒத்துப்போகட்டும். மாலை வெயில் பின்னணி என்றால் வெதுவெதுப்பான நிறம், அலுவலகம் என்றால் சாதாரண வெள்ளை. அளவாக வையுங்கள். முடியோரம் வெள்ளையாக வெடித்துவிட்டால் எந்தக் கீயராலும் அந்த இழைகளை மீட்க முடியாது.

வெளிச்சம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடியோரம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிசிறடிக்கிறது. விளக்கில்தான் தப்பா?

இந்தப் பிசிறு பெரும்பாலும் கேமராவிலிருந்து வருகிறது. பல கேமராக்களும் ஃபோன்களும் வீடியோவை 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. 1920 × 1080 படத்தில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும், நிற விவரம் 960 × 540 மட்டுமே இருக்கும். அதாவது நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறம். கண்ணுக்கு இது தெரியாது. கீயர் நிறத்தை வைத்தே வெட்டுவதால், அது வெட்டும் கத்தியின் முனையே இரண்டு பிக்சல் தடிப்பு. அதுதான் படிக்கட்டு.

4:2:2-இல் பதிவு செய்ய முடிந்தால் கிடைவாக்கில் பாதி நிற விவரமும் செங்குத்தாக முழு விவரமும் கிடைக்கும். முடியாவிட்டால் 4கே-யில் எடுத்து 1080-க்குச் சுருக்குங்கள். 3840 × 2160 படத்தின் 4:2:0 நிற விவரம் சரியாக 1920 × 1080. சுருக்கியதும் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தமாக ஒரு நிறம் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் கேமராவிலேயே செய்யக்கூடிய, ஆனால் பலர் செய்யாமல் விடும் வேலை இது.

அடுத்து ஷார்ப்னஸ். கேமரா செயற்கையாகக் கூர்மையூட்டும்போது ஆளின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டையும் கறுப்புக் கோட்டையும் வரைந்துவிடுகிறது. கீ செய்த பிறகு ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போல நிற்பது இந்தக் கோடுதான். பிக்சர் ப்ரொஃபைலில் ஷார்ப்னஸை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடுங்கள். கீ முடிந்த பிறகு வேண்டிய அளவு கூர்மையை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ-வையும் இறக்கி வையுங்கள். ஓரத்தில் எறும்பு ஊர்வது போல அசைந்துகொண்டே இருக்கும் பிசிறு என்றால் அது நாய்ஸ். ஒரே இடத்தில் நிற்கும் பிசிறு என்றால் நிற விவரம் போதவில்லை. வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும்.

பேசும்போது கையை வேகமாக ஆட்டுவார். அப்போது விரல்கள் கரைந்துபோகின்றன.

அது மோஷன் பிளர். கலங்கிய விரலில் பாதி தோல், பாதி பச்சை. 25 ஃபிரேமில் 1/50 ஷட்டர் வைத்திருந்தால் 1/100-க்கு மாற்றிப் பாருங்கள், கலங்கல் பாதியாகும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், அதற்கேற்ப விளக்கைக் கூட்டுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50, 1/100 இரண்டிலுமே விளக்கு துடிப்பது தெரியாது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60, 1/120. அதற்கும் மேலே போனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

துணியில் சுருக்கம் இருந்தால் பரவாயில்லையா?

ஆளுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பளிச்சும் ஒரு நிழலுமாக இரண்டு பச்சைகளைத் தரும். நீராவி இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் கிளிப் மாட்டி இழுத்துக் கட்டுங்கள். மடித்து வைக்காமல் குழாயில் சுற்றி வைத்தால் அடுத்த முறை இஸ்திரி வேலையும் மிச்சம்.

எடுத்து முடித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. ஓரமெல்லாம் பச்சை. இனி என்ன செய்யலாம்?

முதலில் ஆளைச் சுற்றித் தளர்வாக ஒரு கார்பேஜ் மேட் போட்டு, தேவையில்லாத திரையை வெட்டிவிடுங்கள். பிறகு ஆளுக்கு மிக அருகில் உள்ள பச்சையை, முடிந்தால் முடிக்குப் பக்கத்தில், கீ நிறமாகத் தேர்ந்தெடுங்கள். எது மறையும், எது நிற்கும் என்று காட்டும் மேட்டைக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். Keylight என்ற கீயரில் இது Screen Matte என்ற பார்வை. பின்னணி கறுப்பாகவும் ஆள் வெள்ளையாகவும் வரும்வரை Clip Black-ஐக் கொஞ்சம் ஏற்றி, Clip White-ஐக் கொஞ்சம் இறக்குங்கள். முடியோரத்தின் சாம்பல் மறைய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தச் சாம்பல்தான் முடி.

உடம்புக்கு ஒரு கீ, முடிக்கு ஒரு கீ என்று இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது. உடம்புக்கான கீ இறுக்கமாகவும் ஓட்டை இல்லாமலும் இருக்கட்டும். முடிக்கான கீ மென்மையாக இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கிவிடுங்கள்.

மிஞ்சிய பச்சைக்கு டீஸ்பில். அது உள்ளே செய்யும் வேலை மிக எளிது:

```
g = min(g, (r + b) / 2)
```

ஒரு முடியோரப் பிக்சல் சிவப்பு 120, பச்சை 150, நீலம் 90 என்று இருந்தால் பச்சை 105-க்கு இறங்கும். பச்சைச் சாயல் போய்விடும். முகத்தோல் 200, 150, 120 என்றால் சராசரி 160. பச்சை அதற்குக் கீழேதான் இருக்கிறது, எனவே தோலை இது தொடாது. ஆனால் மஞ்சள் சட்டை 220, 200, 60 என்றால் பச்சை 140-க்கு விழுந்து சட்டை ஆரஞ்சாகிவிடும். அப்படிப்பட்ட உடைக்கு இதைப் பயன்படுத்துங்கள்:

```
g = min(g, max(r, b))
```

இதில் மஞ்சள் அப்படியே நிற்கும், முடியோரத்தில் பச்சை 120 வரைதான் இறங்கும். முடிக்கு முதல் சூத்திரம், சட்டைக்கு இரண்டாவது என்று மாஸ்க் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பச்சையைக் குறைத்த இடம் இருண்டு தெரிவதால், அங்கே வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஆளைச் சுற்றிக் கரி பூசியது போல ஒரு ஓரம் தெரியும். அதைப் பலர் கீயின் தவறு என்று நினைத்து, மேட்டை இன்னும் உள்ளே தள்ளி, இருக்கிற முடியையும் இழந்துவிடுகிறார்கள்.